ஐந்து முக்கால் பொம்மை

யாராவது கத்தினால் சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு அழுகை வரும். அவளுக்குச் சிரிப்பு வரும்.

கேலிச் சிரிப்பு இல்லை, பயச் சிரிப்பு. அடிவயிற்றில் ஒரு குமிழி கிளம்பும். நெஞ்சுக்கு வரும்போது அது பத்தாகும். தொண்டைக்கு வருவதற்குள் எண்ண முடியாமல் போய்விடும். வீட்டில் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் சோடா. வாயைத் திறந்தால் பொங்கிவிடும் என்று அர்த்தம்.

இதற்கு முன்னால் அவள் ஒரு பார்சல் கம்பெனியில் போன் எடுக்கும் வேலையில் இருந்தாள். தன் கண்ணாடிச் சாமான் தூளாகி வந்து சேர்ந்ததற்காக ஒருவர் போனில் கத்தினார். அவள் சிரித்துவிட்டாள். அவர் போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து நேரிலேயே வந்தார். நேரில் வந்தவர் முகத்தைப் பார்த்தும் சிரித்தாள். அத்துடன் அந்த வேலை முடிந்தது.

இந்த வேலையில் சேரும்போதே முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சிரிப்பு வர்றது உன் விஷயம். அது போனுக்குள்ள போனா என் விஷயம். போயிடுச்சுன்னா மறுநாள் வராதே. கஸ்டமர் கத்தினா போனை எங்கிட்ட நீட்டவும் கூடாது. எடுத்தவதான் முடிக்கணும். சரியா?"

"சரிங்க மேடம்."

துணிக்கடைகளுக்குப் பொம்மை செய்யும் பட்டறை அது. முன்னால் சின்ன ஆபீஸ். அதில் இரண்டு மேசை, ஒரு போன். பின்னால் பட்டறை. நடுச்சுவரில் ஒரு ஜன்னல். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கம்பியில் வரிசையாகக் கைகள் காய்ந்துகொண்டிருக்கும். அலமாரியில் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். ஃபைபர் பசையின் காரமான வாசனை ஆபீஸ் வரைக்கும் வரும். பின்னால் இருப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். ஆபீசுக்கும் பட்டறைக்கும் நடுவில் காகிதம் எதுவும் போய்வருவதில்லை. ஆர்டர் வந்தால் ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பதுதான் வழக்கம்.

அவள் சேர்ந்து மூன்றாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"வணக்கம், சொல்லுங்க சார்."

"என்னத்தைச் சொல்றது? நீங்க எல்லாம் மனுஷங்கதானா? மனுஷங்களுக்கு எத்தனை கால்னு தெரியுமா தெரியாதா?"

குமிழி கிளம்பியது.

"சார்..."

"பேசாதீங்க! நான் பேசறேன்! அஞ்சு பொம்மை கேட்டேன். அஞ்சு வந்திருக்கு. சாக்கைப் பிரிச்சா, ஒவ்வொண்ணுக்கும் மூணு கால்! மூணு! நான் எண்ணினேன், என் சம்சாரம் எண்ணினா, பக்கத்துக் கடைக்காரர் வந்து எண்ணினார்! என் கடையில வேற வேலையே இல்லையா, எல்லாரும் கால் எண்ணிட்டு இருக்கோம்!"

குமிழி நெஞ்சுக்கு வந்தது. அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். எதிர் மேசையில் முதலாளியம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார்.

வாயைத் திறந்தால் போச்சு. திறக்காமல் இருக்க ஒரே வழி, கைக்கு வேலை கொடுப்பது. பழைய காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டு அவர் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தாள். அஞ்சு. மூணு கால். சாக்கு. அவர் ஏழெட்டு வாக்கியம் கத்துவதற்குள் அவள் நான்கு வார்த்தை எழுதினாள். ஒரு மனிதர் எவ்வளவு கத்தினாலும் அதில் விஷயம் கொஞ்சம்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கடை திறப்பு! என் மச்சான் வந்து திறக்கறான். கடை வாடகை அட்வான்ஸுக்கு அவன்தான் ஜாமீன். ஏற்கெனவே சொல்றான், மாமா உங்களால ஒரு பொம்மைகூட ஒழுங்கா வாங்க முடியாதுன்னு. இப்ப அவன் சொன்னதே நிஜமாயிடும் போலிருக்கே! நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன் முன்னால நிப்பேன்?"

திறப்பு. நாளை பத்து. மச்சான்.

"அம்மணமா நிக்குதுங்க மேடம். தெருவுல போறவன் எல்லாம் நின்னு பார்க்கறான். சரின்னு என்னோட பைஜாமாவை எடுத்து மாட்டினோம். ரெண்டு கால் உள்ள போகுது, ஒண்ணு வெளிய நிக்குது! எந்தக் காலை வெளிய விடறதுன்னு எனக்கும் என் சம்சாரத்துக்கும் சண்டை!"

குமிழி தொண்டைக்கு வந்துவிட்டது. அவள் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் பாதங்களை அழுத்தினாள். பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. பைஜாமா என்று மட்டும் எழுதவில்லை. எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

போனின் அந்தப் பக்கம், தூரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. "ரெண்டு பொம்மையை ஒட்டி நிக்க வைங்களேன். ஆறு கால், மூணு பைஜாமா. கணக்கு சரியா வரும்."

"நீ சும்மா இரு. மொத்தம் அஞ்சு பொம்மை. அஞ்சாவதை யாரோட ஒட்டுவே?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

"எப்படிப் பார்த்துப்பே?"

அவர்கள் இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்ட நேரம் அவளுக்கு வரமாக வந்தது. போனின் வாயைக் கையால் பொத்தி இரண்டு முறை மூச்சை இழுத்து விட்டாள். முதலாளியம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தாள்.

"சார். நான் சரியா எழுதியிருக்கேனான்னு பாருங்க. அஞ்சு ஆம்பளை பொம்மை. அஞ்சுக்கும் மூணு கால். நாளைக்குப் பத்து மணிக்குத் திறப்பு, உங்க மச்சான் வர்றார். அதுக்குள்ள சரியான பொம்மை ஷோகேஸ்ல நிக்கணும். இதுதானே சார்?"

"ஆமா," என்றார். குரல் ஒரு படி இறங்கியிருந்தது. தான் சொன்னது இன்னொருவர் வாயிலிருந்து திரும்பி வந்ததும் அதைக் கத்த வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது போலும்.

"இது எங்க தப்பு சார். நீங்க கேட்டது வேற, நாங்க அனுப்பினது வேற. மன்னிச்சுக்கோங்க."

"மன்னிச்சா ரெண்டு கால் ஆயிடுமா?"

"ஆகாது சார். அதுக்குத்தான் ஒண்ணு கேக்கறேன். முக்கால் பொம்மைன்னு கேட்டீங்க இல்லையா, அது எதுக்காக சார்? இடத்துக்காகவா, இல்ல சட்டை மட்டும் காட்டவா?"

"நான் விக்கறதே சட்டை. அப்புறம் ஷோகேஸ் உயரம் பத்தாது. அதனாலதான் முக்கால். தொடையோட நிக்கும் பாருங்க, கீழ கம்பி வெச்சு, அது. இப்ப வந்ததை உள்ள வெச்சா தலை இடிக்குது."

"ஷோகேஸ் உள்பக்க உயரம் எவ்வளவு சார்?"

"நாலேகால்."

பேனா தாளைத் தொட்டது, நின்றது. நாலே கால். இதை ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தால் என்ன ஆகும்?

தப்பு எங்கே நடந்தது என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

போன வாரத்துக்கு முந்தின வாரம் இதே மனிதர் போனில், "முக்கால் பொம்மை, ஆம்பளை, அஞ்சு" என்றார். அவள் எழுந்து ஜன்னலுக்குப் போய் அப்படியே சொன்னாள். மாஸ்டர் அரத்தை நிறுத்திவிட்டு, "முக்காலா?" என்றார். "ஆமா மாஸ்டர், முக்கால்." "நிச்சயமா?" "கஸ்டமர் அப்படித்தான் சொன்னார்." மாஸ்டர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு, "செஞ்சிடலாம்," என்றார். அந்தப் பட்டறையில் தொடையோடு நிற்கும் பொம்மைக்குப் பெயர் 'தொடைவரை' என்பது அவளுக்குத் தெரியாது. அங்கே யாரும் முக்கால் என்று சொன்னதே இல்லை.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கத்துகிறவரின் கோபம் அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தது. தன் தப்பு அவளுக்கு வேர்வையை வரவழைத்தது.

"நாலடி மூணு அங்குலம். சரியா சார்?"

"அதான் சொன்னேனே."

"பொம்மை தலை உச்சி வரைக்கும் நாலடிக்குள்ள இருக்கணும். சரி சார். இப்பவே உங்களுக்கு ஒரு வாக்கு கொடுத்துட்டு அப்புறம் முடியலன்னு சொன்னா அது ரெண்டாவது தப்பு. மாஸ்டர்கிட்ட என்ன இருக்கு, என்ன செய்ய முடியும்னு கேட்டுட்டு பத்து நிமிஷத்துல நானே கூப்பிடறேன். நீங்க கூப்பிட வேண்டாம்."

"கூப்பிடலன்னா நான் இந்த அஞ்சையும் வண்டியில ஏத்திட்டு அங்க வந்துடுவேன். வாசல்ல நிறுத்துவேன். பைஜாமா இல்லாம நிறுத்துவேன்."

"பத்து நிமிஷம் சார்."

போனை வைத்தாள். முதலாளியம்மா கேட்டார்.

"மூணு காலா?"

"ஆமாங்க மேடம். முக்கால்னு நான் சொன்னது மாஸ்டருக்கு மூணு கால்னு போயிடுச்சு. முக்காலி மாதிரி."

முதலாளியம்மா முகத்தில் ஒரு சதை அசையவில்லை. மெதுவாக எழுந்தார். சாமான் அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே யாரோ தொடர்ந்து தும்முவது போலச் சத்தம் கேட்டது.

அவள் பட்டறைக்குப் போனாள். மாஸ்டர் ஒரு பெண் பொம்மைக்குப் புருவம் வரைந்துகொண்டிருந்தார்.

"மாஸ்டர், அந்த அஞ்சு ஆம்பளைங்க..."

"போய்ச் சேர்ந்துட்டாங்களா?" அவர் முகம் மலர்ந்தது. "எப்படி இருக்காம்?"

"மாஸ்டர், அவங்க கேட்டது தொடைவரை."

தூரிகை நின்றது.

"தொடைவரைன்னா தொடைவரைன்னு சொல்லணும் தங்கச்சி."

"முக்கால்னா தொடைவரைன்னு எனக்குத் தெரியாது மாஸ்டர். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்."

"நானும் நீ சொன்னதை அப்படியே செஞ்சேன். நிச்சயமான்னுகூடக் கேட்டேன்." தூரிகையைத் தண்ணீரில் போட்டார். "நடுக்கால் ஒண்ணு வைக்கறது லேசுன்னு நினைச்சியா? முன்னால சாயும், பின்னால சாயும். முட்டியைக் கொஞ்சம் மடிச்சு, குதிகாலை லேசாத் தூக்கி... அஞ்சு பேரும் தானா நின்னாங்க, ஸ்டாண்டே இல்லாம. இத்தனை வருஷத்துல ஸ்டாண்டு இல்லாம நின்ன பொம்மை அதுதான்."

"மூணு கால் எதுக்குன்னு உங்களுக்குத் தோணலியா மாஸ்டர்?"

"ஏன் தோணணும்? வளையல் கடைக்காரன் ஆறு கை கேட்டான், செஞ்சு கொடுத்தேன். தொப்பிக் கடைக்காரன் ஒரே உடம்புக்கு ரெண்டு தலை கேட்டான். எதுக்குன்னு கேட்டா நல்லா இருக்குமா? சரி, இவன் பாண்ட் கடை, ஒரே பொம்மையில ஒன்றரை ஜோடி காட்டப் பார்க்கறான்னு நினைச்சேன்."

பொம்மைகளை வண்டியில் கொண்டுபோகிற டிரைவர் வாசலில் பீடியை அணைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களாவது ஏத்தும்போது பார்த்திருக்கலாமே," என்றாள்.

"பார்த்தேனே. நல்லா வசதியா இருந்துச்சு, பிடிச்சுத் தூக்க ஒரு கால் கூடுதலா. எண்ணறது என் வேலை இல்லம்மா."

யார் மேல் பழி என்று பேச ஆரம்பித்தால் பத்து நிமிடம் போய்விடும். போனுக்காகக் காத்திருக்கிறவருக்கு அதனால் ஒரு பொம்மையும் கிடைக்காது. அவள் கையிலிருந்த காலண்டர் தாளைப் பார்த்தாள்.

"மாஸ்டர், தப்பு என்னோடதாவே இருக்கட்டும். நாளைக்குக் காலையில அஞ்சு தொடைவரை வேணும். உயரம் நாலடிக்குள்ள. உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

மாஸ்டர் கோபித்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு எழுந்து அலமாரிக்குப் பின்னால் போனார்.

"முழுசா ஒண்ணும் இல்ல. ஆனா அவங்க மேல் உடம்பு சரிதானே? இடுப்புல திருகினா ரெண்டாக் கழண்டு வரும். கீழ்ப்பாதியை மாத்தினாப் போதும். தொடைவரை கீழ்ப்பாதி மூணு ரெடியா இருக்கு."

"இன்னும் ரெண்டு?"

"ரெண்டுகால் கீழ்ப்பாதி, அதாவது மனுஷன் மாதிரி, நாலஞ்சு கிடக்கு. ரெண்டை எடுத்துத் தொடையில அறுக்கணும். அடியை மூடி, கம்பி நிக்கறதுக்குக் குழாய் பதிச்சு, பசை இறுகினதும் தேச்சு, பெயின்ட் அடிக்கணும்."

"எப்போ முடியும்?"

"ராத்திரிக்குள்ள முடிச்சுடுவேன்."

"பெயின்ட் காயறதுக்கு?"

மாஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "காலையில ஆறு மணிக்குக் கையை வெச்சா ஒட்டாது."

"கலர் மேல் உடம்போட ஒத்துப்போகுமா?"

"அதே டப்பா பெயின்ட் மிச்சம் இருக்கு. கேள்வி எல்லாம் இப்ப நல்லாத்தான் கேக்கறே."

"நாலடி மாஸ்டர். நாற்பத்தெட்டு அங்குலம். ஷோகேஸ் நாலேகால்."

"நாலு காலா?"

"அடி! நாலடி மூணு அங்குலம்! மாஸ்டர், கால் ரெண்டே ரெண்டு, அதுவும் தொடையோட சரி!"

"சும்மா கேட்டேன்," என்றார் மாஸ்டர். சும்மா கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எதற்கும் ஒரு சாக்பீஸை எடுத்துப் பட்டறைச் சுவரில் ஒரு படம் வரைந்தாள். தலை, உடம்பு, இரண்டு தொடை, கீழே ஒரு கம்பி. பக்கத்தில் 48 என்று எழுதி அங்குலத்துக்கு இரண்டு கோடு போட்டாள். சின்னக் குழந்தை வரைந்தது போல இருந்தது. ஆனால் அதில் கால்கள் எத்தனை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

பத்து நிமிடம் முடிவதற்குள் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சார், ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மேல் பாதி உங்ககிட்டயே இருக்கட்டும், கீழ் பாதியை மட்டும் மாத்தித் தர்றோம். மூணு இப்பவே ரெடி. ரெண்டு ராத்திரி செஞ்சு, காலையில எட்டு மணிக்கு அஞ்சும் சேர்ந்து வரும். இன்னொண்ணு, ரெடியா இருக்கற மூணை இன்னிக்கே அனுப்பறோம், மத்த ரெண்டு காலையில. எது உங்களுக்கு வசதி சார்?"

"ஏழு மணிக்கு வராதா?"

"ஏழுன்னு சொல்லிட்டு ஏழரைக்கு வந்தா அரை மணி நேரம் நீங்க தெருவைப் பார்த்துட்டு நிப்பீங்க. எட்டுன்னு சொல்றேன். எட்டுக்கு முன்னாடி வந்தா சந்தோஷம்."

அந்தப் பக்கம் கணவனும் மனைவியும் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு அவர் வந்தார்.

"மூணை இன்னிக்கே அனுப்புங்க. கண்ணால பார்த்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

"சரி சார். டிரைவர் இப்பவே கிளம்பறார். மூணு கால் கீழ்ப்பாதி அஞ்சையும் அவரே எடுத்துட்டு வந்துடுவார். இடுப்புல இடது பக்கமாத் திருகினா கழண்டுடும், இல்ல அவரே கழட்டித் தருவார். பைஜாமாவை மட்டும் எடுத்து வெச்சுக்கோங்க."

கடைசி வாக்கியம் தானாக வந்துவிட்டது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர் அதை முழு அக்கறையோடு எடுத்துக்கொண்டார்.

"ஆமா ஆமா, அது என் நல்ல பைஜாமா."

டிரைவரை அனுப்புவதற்கு முன் அவளே வண்டியில் ஏறி எண்ணினாள். மூன்று கீழ்ப்பாதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொடை, மூன்று கம்பி, மூன்று இரும்புத் தட்டு. "இப்ப எல்லாரும் கால் எண்ண ஆரம்பிச்சுட்டாங்க," என்று டிரைவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டி போனதும் துணிக்கடைக்காரருக்குப் போன் செய்து, கிளம்பிவிட்டது என்றாள். வண்டி சேர்ந்ததும் மறுபடி போன் செய்து, நிற்கிறதா என்று கேட்டாள்.

"நிக்குது," என்றார். அவ்வளவுதான்.

காலையில் பெயின்ட் காய்ந்திருந்தது. அவளே விரலை வைத்துப் பார்த்தாள். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னதாகவே வண்டி போய்ச் சேர்ந்தது. ஒன்பது மணிக்கு அவள் போன் செய்தபோது பின்னணியில் ஒரே சத்தமாக இருந்தது. "நிக்குதுங்க அஞ்சும். அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

முதலாளியம்மா கேட்டார். "முடிஞ்சுதா?"

"பொம்மை முடிஞ்சுது மேடம். அவர் முடிஞ்சாரான்னு தெரியல."

"பத்து மணி தாண்டட்டும்."

பத்து மணி தாண்டியது. பதினொன்று தாண்டியது. திரும்பி வந்த மூன்று கால் கீழ்ப்பாதிகள் ஐந்தும் பட்டறை வாசலில் வரிசையாக, ஸ்டாண்டு இல்லாமல், தானாக நின்றன. டீ கொண்டுவந்தவர் அவற்றைச் சுற்றிக்கொண்டு போனார். மாஸ்டர் அந்தப் பக்கம் பார்க்காமல் புருவம் வரைந்தார். அவளுக்குப் போனைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. கடைத்திறப்பில் ஏதாவது சரிந்து விழுந்திருந்தால்? மச்சான் ஏதாவது சொல்லியிருந்தால்? அந்த மனிதர் நேராக முதலாளியம்மாவிடம் பேச வேண்டும் என்று கேட்டால், நாளை அவள் வீட்டில் அண்ணன் முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

மத்தியானம் போன் அடித்தது. முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"வணக்கம், சொல்லுங்க சார்."

"மேடம், நான்தான். திறப்பு முடிஞ்சுது. மச்சான் ஷோகேஸைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லல."

"நல்ல விஷயம்தானே சார்?"

"அவன் ஒண்ணும் சொல்லலன்னா அது பாராட்டு. அதை விடுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு விஷயம் கேக்கணும். ராத்திரி பூரா எனக்கும் என் சம்சாரத்துக்கும் ஒரே வாக்குவாதம். அந்த நடுக்கால் இருக்கு பாருங்க. அது இடதுகாலா, வலதுகாலா?"

அவள் பேனாவை எடுத்தாள்.

"கட்டைவிரல் எந்தப் பக்கம்னு நான் சரியாப் பார்க்கறதுக்குள்ள உங்க டிரைவர் தூக்கிட்டுப் போயிட்டார். நான் இடதுன்னு சொல்றேன். இவ வலதுன்னு சாதிக்கறா. பைஜாமா மாட்டினது அவதான், அவளுக்குத்தான் தெரியுமாம்."

குமிழி வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

"கேட்டுட்டு உடனே கூப்பிடறேன் சார்."

பட்டறை வாசலில் குனிந்து ஐந்து நடுப் பாதங்களையும் பார்த்தாள். சந்தேகத்துக்கு மாஸ்டரிடமும் கேட்டாள். மாஸ்டருக்கு வந்த முதல் பாராட்டே அந்தக் கேள்விதான் போலிருந்தது, அப்படி விவரமாகச் சொன்னார். திரும்பி வந்து போன் செய்தாள்.

"சார், எங்ககிட்ட காலுக்கு ரெண்டே அச்சுதான், இடது ஒண்ணு, வலது ஒண்ணு. நடுக்காலுக்குன்னு தனி அச்சு கிடையாது. அதனால மூணு பொம்மைக்கு நடுக்கால் இடது, ரெண்டுக்கு வலது. நானும் பார்த்துட்டேன். நீங்க சொன்னதும் சரி, அவங்க சொன்னதும் சரி."

அந்தப் பக்கம் அவர் அதை மனைவிக்குத் திருப்பிச் சொல்வது கேட்டது. அவள் பாதங்கள் தாமாகவே தரையைத் தேடின.

"என்ன மேடம் இது?" குரல் மெல்ல ஏறத் தொடங்கியது. "ஒரே ஆர்டர். ஒரே ஆளுக்கு. அதுல மூணு ஒரு மாதிரி, ரெண்டு ஒரு மாதிரியா? தப்பா அனுப்பினாக்கூட அஞ்சையும் ஒரே மாதிரி அனுப்ப வேண்டாமா? நான் வெச்சிருந்தா? அப்படியே வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? அதுங்களுக்குச் செருப்பு வாங்கப் போற அன்னிக்கு நான் என்ன கணக்குச் சொல்லுவேன்?"

தூரத்தில் அந்த அம்மா சிரிப்பது கேட்டது. அடக்க முடியாமல், மூச்சு வாங்கி, எதையோ பிடித்துக்கொண்டு சிரிப்பது போல.

அவள் சிரிக்கவில்லை. புதுத் தாள் ஒன்றை இழுத்துப்போட்டாள். எதிர் மேசையில் முதலாளியம்மா எழுந்து சாமான் அறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"மூணு இடது, ரெண்டு வலது," என்று எழுதியபடியே சொன்னாள். "அஞ்சும் ஒரே மாதிரி வந்திருக்கணும். நீங்க சொல்றது ரொம்பச் சரி சார். சொல்லுங்க."